எட்டு போடத் தெரியாத மாப்ளே

வாங்க மாப்ளே, வாங்க. செருப்பை அந்தத் திண்ணைக்குக் கீழ விட்டுட்டு இப்படி உக்காருங்க. மெட்ராசுல இருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸுல வந்த களைப்பு மூஞ்சியில தெரியுது. களைப்புக்கு மேல இன்னொண்ணும் தெரியுது. பேத்தி முந்தாநாளே போன்ல சொல்லிட்டா. "தாத்தா, ராத்திரி ரெண்டு மணிக்கு சாப்பாட்டு மேசை டப்புன்னு வெடிச்சுது, நாங்க திருடன்னு நெனச்சுட்டோம்"ன்னா. திருடன் இல்ல தாயி, தேக்குன்னு சொன்னேன்.

எங்க, அந்தப் படத்தைக் காட்டுங்க. கண்ணாடியைப் போட்டுக்கிடுதேன். அடேயப்பா! ஓரத்துல இருந்து ஒரு சாண் நீளத்துக்குக் கிழிஞ்சிருக்கு. ரெண்டாம் பலகையும் மூணாம் பலகையும் ஒட்டுன எடத்துல, ஒரு ரூவாத் துட்டைச் செருகுனா நிக்கும்போல. சரி, இப்ப மேசையைக் கவுத்துப்போட்டு எடுத்த படம் இருக்கா? இருக்கா, இருக்கட்டும். ஒண்ணு, ரெண்டு, மூணு... பன்னெண்டு திருகு. அதுக்கு மேல சட்டத்தோட நெத்தி பூரா வெள்ளைப் பசை. மாப்ளே, நீங்க மேசை செய்யல. பாவம் ஒரு தேக்கைப் பிடிச்சு, கையையும் காலையும் கட்டி, ஏசி ரூமுல உக்கார வச்சுருக்கீய. அது கத்தாம என்ன செய்யும்?

கோவிச்சுக்கிடாதீய. பேத்தியைக் கட்டுனவரு, மரியாதையாத்தான் சொல்லுதேன். நீங்க எஞ்சினீயரு, நான் மூணாப்பு. அதனால நான் கேக்கேன், நீங்க பதில் சொல்லுங்க. நம்ம கொல்லைக் கதவு ஐப்பசி மழையில எப்பிடி இருக்கும்? இறுகிப்போயி, உங்க அத்தை இடுப்பால இடிச்சுத்தான் தொறப்பா. பங்குனியில? காத்தடிச்சாலே தானா ஆடும். இப்ப சொல்லுங்க, மழையில கதவு உசரத்துல வளந்துச்சா, அகலத்துல பெருத்துச்சா? நெலையோட மேக்கட்டையில இடிக்கவே இடிக்காது, பக்கத்துலதான் இடிக்கும். அவ்வளவுதான் சங்கதி. மரம் நார் ஓடுத திசையில நீளவும் செய்யாது, குறையவும் செய்யாது. நாருக்குக் குறுக்கே மட்டும் ஈரம் ஏறுனா உப்பும், எறங்குனா சுருங்கும். வெட்டி நூறு வருசம் ஆனாலும் இந்தப் புத்தி மட்டும் போவாது. மரத்துக்கு மூச்சு நின்னுபோச்சுன்னு நெனைக்கவன்தான் பசையைத் தடவுவான்.

எவ்வளவு சுருங்கும்னு கேப்பீய, உங்களுக்குக் கணக்கு வேணும்லா. இந்தப் பலகையை இங்ஙன சாரல் சமயத்துல அறுத்துக் கொடுத்தேன். செங்கோட்டை டிப்போக்காரப் பையன் ஈரம் பாக்குற மீட்டரை வச்சுக் குத்திப் பாத்தப்போ 14-ன்னு காட்டுச்சு. நூத்துக்குப் பதினாலு பங்கு தண்ணி. உங்க ஏசி ரூமுல நாலஞ்சு மாசம் கெடந்தா அது 10-க்கு வந்துரும். ஆக நாலு எறங்குது. தேக்கு ரொம்ப அடக்கமான சாதி, மத்த மரம் மாதிரி ஆட்டம் போடாது. அதுவே பட்டையா அறுத்த பலகையா இருந்தா, ஒவ்வொரு ஈரத்துக்கும் அகலத்துல ஆயிரத்துக்கு ரெண்டு பங்கு கிட்ட சுருங்கும். உங்க மேசை 3 அடி அகலம். அங்குலத்துக்கு 8 நூல் வச்சு, 288 நூல். நாலு ஈரத்துக்குக் கணக்குப் பண்ணுங்க. 2 நூலுக்குச் சொச்சம் வருதா? கால் அங்குலம் மாப்ளே. உங்க மேசை ரெண்டு நூல் ஒல்லியாவணும்னு நெனச்சுச்சு. நீங்க விடல.

யாரு விடலன்னா, அந்தக் குறுக்குச் சட்டம். இதைக் கொஞ்சம் நிதானமாக் கேளுங்க, சூட்சுமம் இங்ஙனதான் இருக்கு. மேசை நீளவாக்குல 5 அடி. பலகையோட நார் அந்த நீளத்துலயே ஓடுது. ரெண்டு நெடுக்குச் சட்டத்துலயும் நார் அதே திசைதான், அதனால சண்டை இல்ல. ஆனா ரெண்டு முனையிலயும் இருக்க குறுக்குச் சட்டத்துல நார், பலகையோட அகலத்துல ஓடுது. பலகை அகலத்துல சுருங்குது. சட்டம் தன்னோட நீளத்துல சுருங்கவே சுருங்காது. சுருங்குற ஒருத்தனையும் சுருங்காத ஒருத்தனையும் சேத்துப் பசை போட்டுத் திருகுனா, ரெண்டுல எளைச்சவன் கிழிவான். பலகை நாருக்குக் குறுக்கே எப்பவுமே எளைச்சவன்தான். வெறகு பொளக்கும்போது பாத்திருப்பீயளே. இல்ல, நீங்க கேஸ் அடுப்பு.

அதுவும் ஏன் ஓரத்துல இருந்து கிழிஞ்சுதுன்னா, முனையில நாரு வாயைத் தொறந்துக்கிட்டு இருக்கும். அங்ஙன ஈரம் வேகமாப் போவும், அந்த எடம் முதல்ல சுருங்கப் பாக்கும். சரியா அங்கதானே நீங்க ஆறு திருகு போட்டு வச்சுருக்கீய.

இப்ப அந்தப் பொட்டலத்தைப் பிரிங்க. ஆன்லைன்ல வாங்குனதா? பேரு என்ன சொன்னீய, ஃபிகர் எயிட் ஃபாஸ்னரா? என் வாயில நுழையாது. ரெண்டு வளையத்தை ஒட்டவச்ச இரும்புத் துண்டு. எட்டு மாதிரி இருக்கு, எட்டுன்னே சொல்லுதேன். ஒரு வளையம் சட்டத்து நெத்தியில, இன்னொரு வளையம் பலகையோட அடிவயித்துல. ஆளுக்கொரு திருகு. பலகை நகந்தா எட்டு திருகைச் சுத்திக் கொஞ்சம் திரும்பும், அவ்வளவுதான். உங்களுக்கு பைக்குல எட்டு போட்டாத்தான லைசென்ஸ் குடுத்தான்? மேசைக்கும் அதே சட்டம்தான்.

ஆனா ஒண்ணு. எட்டை வாங்குனவன் எல்லாம் எட்டைத் தெரிஞ்சவன் இல்ல. முளையடிச்சு ஆட்டைக் கட்டிவச்சா எப்பிடி மேயும்? முளையைச் சுத்தி வட்டமா மேயும். கயித்துக்குப் பதிலா ஒரு கம்பு வச்சுக் கட்டிப்போட்டீயன்னு வைங்க, பக்கவாட்டுல போவலாம், முளையை விட்டு வெலகவும் முடியாது, கிட்ட வரவும் முடியாது. எட்டு அந்தக் கம்பு. ரெண்டு திருகுக்கும் நடுவுல 5 நூல் தூரம்னா அது எப்பவும் 5 நூல்தான். அதனால எட்டு எந்தத் திசையில படுத்திருக்குங்குறதுதான் உசுரு.

குறுக்குச் சட்டத்துல எட்டு உள்பக்கமா, சட்டத்துக்குச் செங்குத்தா நீட்டிக்கிட்டு இருக்கணும். அப்ப அது நார் ஓடுத திசையில படுத்திருக்கும். பலகை சட்டத்து நீளத்துல அங்கிட்டும் இங்கிட்டும் நகரும்போது எட்டு நாய் வால் மாதிரி ஆடும். காலுக்குப் பக்கத்துல, நடுவுல இருந்து ஒரு அடி தள்ளி எட்டைப் போட்டா, அந்த எடத்துல பலகை நகருறது முக்கா நூல் கிட்டத்தான் வரும். எட்டு வட்டமாத் திரும்புறதுனால நீளவாக்குல ஒரு இழுப்பு வரும்தான். அது ரெண்டு காகிதக் கனம். திருகு ஓட்டையில இருக்க ஆட்டத்துலயே அது கரைஞ்சுரும்.

இனிமேதான் ஊரே தப்புப் பண்ணுற எடம். நெடுக்குச் சட்டத்துலயும் அதே மாதிரி செங்குத்தா வச்சா? பலகை சட்டத்தை விட்டு உள்ள போவணும், கம்பு விடாது. பன்னெண்டு திருகுக்குப் பதிலா எட்டு எட்டு வாங்குனதுதான் மிச்சம். உங்க வீடியோக்காரன் என்ன சொல்லுதான்? நாப்பத்தஞ்சு டிகிரி சாய்ச்சு வைங்கங்கானா? அவன் மேசை ஒரு அடி அகலம்னா சரின்னு விட்டுரலாம். உங்களதுல பாப்போம். நெடுக்குச் சட்டம் இருக்குற எடத்துல பலகை முக்கா நூலுக்கு மேல உள்ள வரும். சாய்ஞ்சு நிக்குற எட்டு அதுக்கு எடம் குடுக்கணும்னா, கூடவே ஒரு நூலுக்கு மேல நீளவாக்குல பலகையை இழுத்தாவணும். குறுக்குச் சட்டத்து எட்டுங்க அதுக்கு விடாது. ரெண்டு பேரு கையைப் பிடிச்சு ரெண்டு பக்கம் இழுத்த கதை. தரையில சாக்பீஸால வரைஞ்சு பாருங்க, நான் சொல்லி நம்ப வேண்டாம்.

அதனால நெடுக்குச் சட்டத்துக்கு நான் எட்டைக் கிட்ட சேக்க மாட்டேன். அங்ஙன எங்க அப்பன் காலத்து வித்தைதான். சட்டத்தோட உள்பக்கம் ஒரு காடி இழுத்துருவேன். ஒரு மரத்துண்டுல நாக்கு மாதிரி செதுக்கி, நாக்கைக் காடிக்குள்ள விட்டு, துண்டைப் பலகையோட திருகிருவேன். நாக்கு நுனிக்கும் காடியோட அடிக்கும் ஊடால ஒண்ணரை நூல் எடம் விட்டா, பலகை சுருங்கும்போது நாக்கு உருவிக்கிட்டு வரும், உப்பும்போது உள்ள போவும். விட்டே வராத அளவுக்கு நாக்கு நீளமா இருக்கணும், அது மட்டும் பாத்துக்கிடுங்க. பக்கத்துக்கு ரெண்டு போதும். நம்ம வீட்டுக் கதவுல பலகையைக் காடியில விட்டு, பசை போடாம விட்டிருக்கமே, அதே புத்திதான்.

சரி, எட்டு போடப் பழகுவோம். அந்த ஃபார்ஸ்ட்னர் பிட்டை எடுங்க. 6 நூல் பிட்டு, வளையம் அதுக்குள்ள சரியா உக்காருதா பாருங்க. உங்க பொட்டலத்து எட்டு வேற அளவா இருந்தா அதுக்குத் தகுந்த பிட்டு. தட்டையா, ஈட்டி மாதிரி இருக்கே, அந்த பிட்டைத் தொடாதீய. நாம சட்டத்தோட ஓரத்துல, வட்டத்துல கொஞ்சம் வெளிய போற மாதிரி குடையப்போறோம். ஈட்டி பிட்டு அங்ஙன வழுக்கி, சட்டத்தைக் கடிச்சுத் துப்பிரும். ஃபார்ஸ்ட்னருக்கு விளிம்புதான் வழி காட்டும், அதனால ஓரத்துலயும் நேரா எறங்கும்.

உங்க சட்டம் 7 நூல் கனம். உள்பக்க முகத்துல இருந்து ரெண்டரை நூல் தள்ளி நடுப்புள்ளி வைங்க. குடைஞ்சா வெளிப்பக்கம் ஒண்ணரை நூல் செவுரு மிச்சம் இருக்கும், உள்பக்கம் குழி வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கும். அந்த வாய்வழியாத்தான் எட்டோட இன்னொரு வளையம் எட்டிப் பாக்கணும். ஆழம் எட்டோட கனம்தான். ஒரு நூலுன்னா ஒரு நூலும், மேல ஒரு காகிதமும். கொறைஞ்சா எட்டு மேல தூக்கிக்கிட்டு நிக்கும், பலகை சட்டத்துல உக்காராது, பக்கத்துல இருந்து பாத்தா வெளிச்சம் தெரியும். ரொம்பக் கூடுனா திருகும்போது எட்டு வளையும். நாலு குழிக்கும் பிட்டுல ஒரு அடையாளம் போட்டுக்கிட்டுக் குடைங்க. கண்ணால அளக்குறது எனக்கு, உங்களுக்கு இல்ல.

குடைஞ்சதும் எட்டை வச்சுப் பாருங்க. அழகா உக்காரும், உடனே திருகத் தோணும். அங்ஙனதான் முக்காவாசிப்பேரு ஏமாறுதான். எட்டோட கழுத்து குழியோட வாய்க்குள்ள இறுக்கமா மாட்டியிருக்கும், அசையாது. அசையாத எட்டு வெறும் ஆணிதான். உளியை எடுத்து வாயோட ரெண்டு ஓரத்தையும் சாய்வா, ஒரு நூல் ஒரு நூல் செதுக்கி விரிங்க. குழியோட அடி மட்டத்துக்கே செதுக்கணும், மேலாக்க சுரண்டிட்டு விட்டா பத்தாது. தேக்குல மணல் மாதிரி சத்து இருக்கும், உளி சீக்கிரம் மழுங்கும், கல்லுல தீட்டிக்கிட்டே செய்யுங்க. அப்புறம் சட்டத்துத் திருகைப் போடுங்க. இறுக்கிட்டு ஒரு கால் சுத்துப் பின்னாடி விடுங்க. விரலால தள்ளுனா எட்டு ரெண்டு பக்கமும் போவணும், ஆனா தடதடன்னு ஆடக் கூடாது. திருகுத் தலை எட்டுக்குள்ள முழுசா எறங்கியிருக்கான்னு நகத்தால தடவிப் பாருங்க. தலை துருத்திக்கிட்டு இருந்தா பலகை சட்டத்துல உக்காராம அந்தத் தலையில உக்காரும், மேசை பொக்கைப்பல் மாதிரி லொடலொடங்கும்.

குறுக்குச் சட்டத்துக்கு ரெண்டு எட்டு, காலுக்கு ஒரு நாலு விரக்கடை தள்ளி. நடுவுல? நடுவுல எட்டு வேண்டாம். அங்ஙன உள்பக்கத்துல இருந்து சாய்வா ஒரு சாதாத் திருகு பலகைக்குள்ள போட்டுருங்க. நடுவுல பிடிச்சுட்டா ரெண்டு பக்கமும் சமமா சுருங்கும். இல்லன்னா ரெண்டு நூலும் ஒரே பக்கமா வந்து, ஒரு வருசத்துல பலகை கோணிக்கிட்டு நிக்கும்.

பலகையைத் தலைகீழாப் போட்டு, காலை அதும்மேல கவுத்து, நாலு பக்கமும் அளந்து நடுவுல நிறுத்துங்க. எட்டு ஒவ்வொண்ணும் நேரா உள்பக்கம் பாத்து நிக்கட்டும். எட்டு ஓட்டை வழியாப் பென்சிலால குறி வச்சு, வழித்துளை போட்டுத் திருகுங்க. இங்ஙன ஒரு எச்சரிக்கை. உங்க பலகை 8 நூல் கனம். 5 நூல் திருகு எடுத்தா ஒரு நூல் இரும்புல போவும், நாலு நூல் மரத்துக்குள்ள. பாதி ஆழம், அது போதும். டிரில் பிட்டுல நாலரை நூல்ல ஒரு சிவப்பு டேப்பைச் சுத்துங்க, அதுக்கு மேல எறக்காதீய. அந்தக் கறுப்புத் திருகு வேண்டாம், தேக்குல பாதி வழியில முறியும், முறிஞ்ச துண்டை எடுக்க எங்கிட்டதான் வருவீய. எறக்குறதுக்கு முன்னாடி மெழுகுல ஒரு தேய்ப்பு.

டேப்பு ஏன்னு கேக்கீய. சொல்லுதேன், யாருகிட்டயும் சொல்லாதீய. கலியாணமான புதுசுல ஒரு பெரிய வீட்டுக்கு மேசை செஞ்சேன். பாலிசு எல்லாம் போட்டு, வீட்டம்மா வந்து கையால தடவிப் பாத்துட்டு "ஸ்ஸ்"ன்னாங்க. திருகு நுனி பலகை மேல முளைச்சிருக்கு! எனக்கு உசுரு நின்னுபோச்சு. நான் வாயத் தொறக்கல. அவங்க உள்ள போனதும் திருகை எடுத்துட்டு, அந்த எடத்துல சின்னதா ஒரு கறுப்பு மர முளையை அடிச்சு எழைச்சுட்டேன். திரும்பி வந்து இது என்னன்னு கேட்டாங்க. "கண்ணுபடாம இருக்க திருஷ்டிப் பொட்டும்மா"ன்னேன். அம்பது ரூவா கூடக் கொடுத்தாங்க. உங்களுக்கு அந்த மாதிரி பொய் சொல்ல வாய் பத்தாது மாப்ளே, டேப்பைச் சுத்துங்க.

உங்க மேசையை என்ன பண்ணுறதுன்னா, பசையை உளியால பிரிச்சு, பலகையை அந்த ஏசி ரூமுலயே ஒரு மாசம் சும்மா சாய்ச்சு வைங்க. ரெண்டு முகத்துலயும் காத்து படணும். அது சுருங்கி முடிஞ்சப்புறம் கிழிஞ்ச ஒட்டுல நீளவாக்குல அறுத்து, எழைச்சு, மறுபடி ஒட்டுங்க. இப்பவே பிடிச்சு ஒட்டுனா அடுத்த ராத்திரி ரெண்டு மணிக்கு பக்கத்து ஒட்டுல இருந்து திருடன் வருவான். ஒட்டுல பசை போடுங்க, அதுக்கு ஆட்சேபணை இல்ல. நார் நாரோட சேந்து ஓடுற எடத்துல ஒட்டுறது ஒறவு. சட்டத்து நெத்தியில தடவுறதுதான் வம்பு.

பின்ன, ஆபீஸுக்கு பிளைவுட்டுல மேசை போடணும்னு சொன்னீயளே, அதுக்கு எட்டும் வேண்டாம், நாக்கும் வேண்டாம். அதுல நாரை ஒண்ணுக்கொண்ணு குறுக்க ஒட்டி முடமாக்கித்தான் விக்கான். உங்க பன்னெண்டு திருகையும் அதுல போட்டு ஆசையைத் தீத்துக்கிடுங்க.

கடைசியா ஒரு வேலை. எல்லாம் பூட்டுனப்புறம், மேசைக்கு அடியில படுத்து, நெடுக்குச் சட்டத்தோட வெளிமுகம் பலகையில படுற எடத்துல பென்சிலால ஒரு கோடு போட்டு, பக்கத்துல தேதி எழுதுங்க. ஐப்பசி அடைமழையில ஏசியை அணைச்சுட்டு ஒரு மாசம் ஜன்னலைத் தொறந்து போட்டப்புறம் மறுபடி படுத்துப் பாருங்க. கோடு சட்டத்தை விட்டுக் கொஞ்சம் வெளிய தள்ளி நின்னா எட்டு திரும்புது. கோடு வச்ச எடத்துலயே இருந்து பலகை நடுவுல கூரை மாதிரி வீங்கியிருந்தா, எங்கயோ ஒரு கழுத்து மாட்டியிருக்கு, அதை அவுத்து வாயைச் செதுக்கணும். படம் எடுத்துப் பேத்திக்கு அனுப்பச் சொல்லாதீய, நேரா எனக்கே அனுப்புங்க. இப்ப எந்திரிங்க, காபி ஆறுது. குடிச்சுட்டு அந்தக் கொல்லைக் கதவைக் கழட்டுங்க. பக்கத்துல ஒரு நூல் எழைக்கணும்னு உங்க அத்தை மூணு மழையா சொல்லிக்கிட்டு இருக்கா, எனக்குத்தான் நேரமே இல்ல.